மாலையில் மந்தமாகும் இணையம்: புகார்க் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

பகலில் சீராக ஓடும் வீட்டு இணையம் இரவானதும் திணறினால், கோளாறு வீட்டு வைஃபையிலோ, வீட்டுக்கு வரும் ஃபைபரிலோ, பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் பொதுத் தடத்திலோ இருக்கலாம். "நெட் ஸ்லோ" என்று மட்டும் எழுதினால், ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லிப் புகாரை முடித்துவிடுவார்கள். இது பலருக்கும் நேர்வதுதான்.

ஆகவே கணினியை லேன் கேபிளால் ரூட்டரில் இணைத்து, வீட்டில் வேறு யாரும் இணையம் பயன்படுத்தாத வேளையில், ஒரே சர்வரில் ஒரு வாரம் சோதிக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் காலை 7 மணிக்கு 94, இரவு 9 மணிக்கு 11 என்று வருவதாகக் கொள்வோம். அந்த இரவிலேயே `ping 192.168.1.1` என்று ரூட்டரைச் சோதித்தால் 1 மில்லிசெகண்டும், `ping 8.8.8.8` என்று வெளியே சோதித்தால் 150-உம் காட்டினால், தடங்கல் ரூட்டருக்கு அப்பால் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடிதத்தின் மையம் இப்படி அமையலாம்:

"கடந்த ஏழு நாட்களும் இரவு 8 முதல் 11 வரை வேகம் குறைகிறது. கேபிள் வழி எடுத்த அளவுகளை, தேதி, நேரத்துடன் இணைத்துள்ளேன். தொழில்நுட்பப் பணியாளரை இரவு 8 மணிக்குப் பின் அனுப்பி, ஃபைபரின் ஒளி அளவைச் சோதிக்க வேண்டுகிறேன். அது சரியாக இருந்தால், பொதுத் தடத்தின் நெரிசலைச் சரிபார்த்து எழுத்தில் பதில் தரவும்."

வருகை நேரத்தைக் குறிப்பிடுவது முக்கியம். பகலில் வருபவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இந்தியாவில் புகாருக்குத் தரப்படும் பதிவு எண்ணைக் குறித்துவைத்தால், தீர்வு கிடைக்காதபோது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம்.