ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் முன்

காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலான பெற்றோரின் கண் மொத்தத்துக்கும் கிரேடுக்கும்தான் போகிறது. அடுத்து ஆசிரியர் எழுதிய ஒற்றை வரியைப் படிப்பார்கள். பிறகு திட்டு, அல்லது ஒரு பெருமூச்சு; அதோடு கையெழுத்து. ஆனால் விஷயம் இருப்பது மொத்தத்துக்கு முந்தைய இரண்டு கட்டங்களில்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. அதன்படி ஒரு பருவத்தின் 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு. வகுப்பில் செய்யும் செயல்பாடுகள், செய்துவரும் ஒப்படைப்புகள், சிறு தேர்வுகள் எல்லாம் இதில் அடங்கும். மீதி 60 தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவ முடிவில் உட்கார்ந்து எழுதும் தேர்வு. இரண்டையும் கூட்டி 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று கிரேடு இறங்கிக்கொண்டே வரும். 61 வாங்கினால் பி2, 60 வாங்கினால் சி1. ஒரே ஒரு மதிப்பெண்ணில் எழுத்து மாறிவிடும் என்பதால், கிரேடை மட்டும் பார்த்து மகிழவோ கலங்கவோ வேண்டாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏழாம் வகுப்புப் பையன், முதல் பருவம், கணக்கு. வளரறியில் 40-க்கு 36. தொகுத்தறியில் 60-க்கு 23. மொத்தம் 59, சி1. குறிப்பு: 'திறமை உண்டு, கவனம் போதாது.' அதே வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு 24-ம் 35-ம் சேர்ந்து அதே 59. கிரேடு ஒன்றுதான், ஆனால் இரண்டு வீட்டிலும் செய்யவேண்டியது வேறு. இரண்டாவது பிள்ளைக்குத் தேர்வு ஓரளவு வருகிறது. வகுப்பு வேலைதான் விடுபடுகிறது. அந்த வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது ரேங்க் கார்டின் வருகைப் பதிவும் ஒப்படைப்பு நோட்டும்.

முதல் பையனுக்கு விடைத்தாள் வேண்டும். பல பள்ளிகளில் அதைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பள்ளிக்கே போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். அவன் இழந்தது 37 மதிப்பெண். தாளைப் புரட்டினால் முழுக்கள் பாடத்தில் கழித்தல் குறியை விட்டதில் போனது வெறும் 4. கடைசி மூன்று ஐந்து மதிப்பெண் கணக்குகளை எழுதவே இல்லை, அதில் 15. மீதி 18-ம் வாக்கியக் கணக்குகளில் போயிருக்கிறது. 6 பேர் 12 நாளில் முடிக்கும் வேலையை 8 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்ற கேள்விக்கு 16 என்று எழுதியிருக்கிறான். ஆள் கூடினால் நாள் குறையும், விடை 9. பெருக்கலும் வகுத்தலும் அவனுக்குத் தெரியும். நேர் விகிதமா எதிர் விகிதமா என்று தானே முடிவுசெய்யத்தான் தெரியவில்லை. வகுப்பில் எதிர் விகிதப் பாடம் நடக்கும்போது எல்லாக் கணக்கும் எதிர் விகிதமாகவே இருக்கும், சரியாகப் போட்டுவிடலாம். தேர்வில் அந்தத் துணை கிடையாது. குழுவாகச் செய்த செயல்பாட்டில் கூட்டாளிகளின் பங்கும் அந்த 36-க்குள் இருக்கலாம்.

ஆக, 'கவனம் போதாது' என்ற வரிக்குக் கீழே இருந்த உண்மையான கவனக்குறைவு 4 மதிப்பெண்தான். ஆசிரியரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வகுப்பு முழுவதற்கும் சேர்த்துக் குறிப்பு எழுதுகிறவர் ஒரு வரிக்குள் அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்த வரியைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பிள்ளையை அடிப்பதும் டியூஷனை மாற்றுவதும்தான் தவறு. கவனமில்லை என்று ஏசினால், எதிர் விகிதம் அவனுக்குப் புரிந்துவிடாது.

ஆசிரியரைப் பார்க்கும்போது, "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை, இன்னும் படிக்கணும்" என்றுதான் பதில் வரும். மூன்று கேள்விகளோடு போங்கள். எந்த வகைக் கணக்கில் தடுமாறுகிறான்? கடைசிக் கேள்விகளை எழுதாதது நேரம் போதாமலா, தெரியாமலா? கரும்பலகையில் இருப்பதைச் சரியாகப் பார்த்து எழுதுகிறானா? மூன்றாவது கேள்விக்குத் தயக்கமான பதில் வந்தால் முதலில் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் ஒரு தாளில் எழுதி அனுப்பலாம்: 'வணக்கம் டீச்சர். விடைத்தாளைப் பார்த்தோம். வாக்கியக் கணக்கில்தான் அதிகம் விட்டிருக்கிறான். வீட்டில் தினமும் இரண்டு கணக்கு போட வைக்கிறோம். அடுத்த சிறு தேர்வில் மாற்றம் தெரிகிறதா என்று சொல்ல முடியுமா?' எழுதப் படிக்கச் சிரமப்படும் பெற்றோர் இதையே வாயால் சொன்னால் போதும்.

வீட்டில் போடும் அந்த இரண்டு கணக்கும் ஒரே பாடத்திலிருந்து வேண்டாம். நேர் விகிதம் ஒன்று, எதிர் விகிதம் ஒன்று என்று கலந்து கொடுங்கள். விடை காணும் முன், "நாள் கூடுமா, குறையுமா?" என்று மட்டும் கேளுங்கள். பலன் தெரிய அரையாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த சிறு தேர்வுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.