பதினேழு மதிப்பெண்ணும் மூன்று வாரமும்

"மதிப்பெண்ணை விடும்மா. நீ செய்த தப்பு ஏழு இல்லை. ஒரே தப்பை ஏழு இடத்தில் செய்திருக்கிறாய்."

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியின் விடைத்தாளோடு டியூஷன் ஆசிரியர் இணைத்துக் கொடுத்த குறிப்பு இப்படித் தொடங்குகிறது. விகிதமுறு சார்புகள் பாடத்தில் தேர்வு, ஐம்பதுக்குப் பதினேழு. வாய்பாடு தெரியாமலோ நேரம் போதாமலோ மதிப்பெண் போகவில்லை. பின்னத்தின் கீழே இருக்கும் பகுதி பூச்சியமாகலாம், குறை எண்ணாகவும் ஆகலாம் என்பதை அவள் எங்குமே கவனிக்கவில்லை. பல்லுறுப்புக் கோவை ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் கிடைப்பதுதான் விகிதமுறு சார்பு. அதில் வரும் சிக்கலில் பெரும்பங்கு கீழ்த்தளத்திலிருந்துதான் வருகிறது.

குறிப்பு மூன்று வாரமும் ஒரே கணக்கைச் சுற்றி வருகிறது. f(x) = (x² − x − 6)/(x² − 9). புதுக் கணக்குகளை அடுக்காமல் ஒன்றையே திரும்பத் திரும்பத் தோண்டச் சொல்வது நல்ல உத்தி.

முதல் வாரம் முழுக்கக் காரணிப்படுத்தலும் சார்பகமும்தான். மேலே (x − 3)(x + 2), கீழே (x − 3)(x + 3). சுருக்கினால் (x + 2)/(x + 3). மாணவி இதுவரை சரியாகவே வந்திருந்தாள். ஆனால் சுருக்கிய கையோடு, 3 என்ற எண்ணையும் சார்பகத்தில் சேர்த்துவிட்டாள். மூலச் சார்பில் x = 3 என்று போட்டால் 0/0 வரும்; அங்கே சார்புக்கு மதிப்பே கிடையாது. அதனால் ஆசிரியர் ஒரு வழக்கத்தைக் கட்டாயமாக்குகிறார்: எதையும் அடிப்பதற்கு முன்பே "x ≠ 3, x ≠ −3" என்று பக்க ஓரத்தில் எழுதிவிட வேண்டும். காரணிப்படுத்தலே தடுமாறினால் இந்த வாரத்தை நீட்டிக்கொள்ளலாம், அடுத்ததற்குத் தாவக் கூடாது என்றும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டு எண்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதுதான் பாடத்தின் சுவையான இடம். அதைக் காட்ட அவர் கால்குலேட்டரை எடுக்கச் சொல்கிறார். 2.99 போட்டால் விடை ஏறத்தாழ 0.833. 3.01 போட்டாலும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது வரைபடம் 5/6 உயரத்தில் அமைதியாகப் போகிறது, நடுவில் ஒரு புள்ளி மட்டும் இல்லை. அடுத்து −2.99 போட்டால் −99. −3.01 போட்டால் 101! ஒரு பக்கம் பாதாளத்துக்கு இறங்கி, மறுபக்கம் வானத்துக்கு ஏறுகிறது. அந்த x = −3 கோடுதான் தொலைத்தொடுகோடு. இரண்டு இடத்திலும் பகுதி பூச்சியம்தான். 3-ல் மேலே இருக்கும் காரணி அதை முழுதாக அடித்துவிடுகிறது, −3-ல் அடிக்க ஆளில்லை.

இரண்டாம் வாரம் அசமன்பாடு. மதிப்பெண் அதிகம் போனதும் இங்கேதான். (x + 2)/(x + 3) < 2 என்ற கேள்விக்கு அவள் (x + 3)-ஐ மறுபக்கம் கொண்டுபோய்ப் பெருக்கி, x + 2 < 2x + 6, எனவே x > −4 என்று முடித்திருந்தாள். சமன்பாடாக இருந்தால் இது செல்லும். அசமன்பாட்டில், பெருக்கும் எண் குறை எண்ணானால் குறி திரும்பிவிடும். X தெரியாதபோது (x + 3) மிகையா குறையா என்று யாருக்குத் தெரியும்? ஆசிரியர் சிவப்பு மையில் விளக்கம் எழுதவில்லை, இரண்டு எண்களை மட்டும் எழுதி வைத்தார். −3.5 அவள் விடைக்குள் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் 3 வருகிறது, 2-ஐவிடப் பெரிது. −5 அவள் விடைக்கு வெளியே இருக்கிறது; போட்டால் 1.5, கேள்விக்குப் பொருந்துகிறது.

சரியான வழி, 2-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்குவது. (x + 4)/(x + 3) > 0 என்று வரும். எண்கோட்டில் −4, −3 இரண்டையும் குறித்தால் மூன்று துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைப் போட்டுக் குறியைப் பார்த்தால் விடை: x < −4 அல்லது x > −3. வாரம் முழுக்க நாளுக்கு நான்கு கணக்கு போதும். ஒவ்வொன்றிலும் விடைக்கு உள்ளே ஓர் எண், வெளியே ஓர் எண் எடுத்துச் சோதித்த பிறகே நோட்டை மூட வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் பகுதி பின்னங்கள் வருகின்றன. தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இல்லாவிட்டால் முதலில் வகுக்க வேண்டும் என்பதை மாணவர்கள் சுலபமாக மறப்பார்கள். பழைய கணக்கையே வகுத்தால் 1 − 1/(x + 3). x மிகப் பெரிதாகும்போது பின்னால் இருக்கும் பின்னம் தேய்ந்துபோய், வரைபடம் ஏன் 1-ஐ ஒட்டிக்கொள்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மறுதேர்வுக்குப் பழைய வினாத்தாள் கிடையாது, விடை மனப்பாடமாகியிருக்கும். கடைசிக் கேள்வி மட்டும் தலைகீழ்: x = 2-ல் ஒரு புள்ளி விடுபட்டு, x = −1-ல் தொலைத்தொடுகோடு இருக்கும் சார்பு ஒன்றை நீயே உருவாக்கு. (x − 2)/((x − 2)(x + 1)) என்று எழுதினால் முழு மதிப்பெண். மேலே 5-ஐப் பெருக்கி எழுதினாலும் முழு மதிப்பெண்தான். அதை ஒரே வரியில் 1/(x + 1) என்று சுருக்கிக் கொடுத்துவிட்டால் மட்டும், முதல் வாரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.