ஓ.டி. பாக்கியை எப்படிக் கேட்பது?

சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் ஒருவர் தன் கம்பெனிக்கு அனுப்ப இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“சார், ரொம்ப நாளா ஓ.டி. காசு சரியா வரல. ராத்திரி பகலா உழைக்கிறோம், ஏமாத்துறீங்க. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவு இருக்கு. பாத்து ஏதாவது போட்டு விடுங்க. இல்லன்னா எம்.ஓ.எம். போவேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கும் கணக்காளர் என்ன செய்வது? எந்த மாதம், எத்தனை மணி நேரம், எவ்வளவு வெள்ளி என்று ஒன்றும் தெரியவில்லை. இதைவிடக் கெடுதல், “பாத்து ஏதாவது” என்ற சொல். சட்டப்படி வரவேண்டிய கூலியை அது தானமாக்கிவிடுகிறது. ஐம்பது வெள்ளியைப் போட்டுவிட்டு ‘கேட்டதைக் கொடுத்தாயிற்று’ என்று கம்பெனி சொல்லிவிடலாம்.

ஆகவே எழுதுவதற்கு முன்னால் கணக்கு. அங்குள்ள வேலைவாய்ப்புச் சட்டப்படி இவரைப் போன்ற உடலுழைப்புத் தொழிலாளருக்கு ஓ.டி. என்பது ஒரு மணி நேர அடிப்படைச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு. அந்த ஒரு மணி நேரச் சம்பளத்தைக் கண்டுபிடிக்க, மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு 44 மணியையும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். இவருடைய அடிப்படை 800 வெள்ளி என்றால் ஒரு மணிக்குச் சுமார் 4.20 வெள்ளி, ஓ.டி.க்கு 6.29 வெள்ளி. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை வேலைக்கு வரும்முன் கிடைத்த ஐ.பி.ஏ. கடிதத்தில் பார்க்கலாம். சாப்பாட்டுப் படி, தங்கும் படி ஆகியவற்றை அதோடு சேர்க்கக் கூடாது.

அடுத்து, டைம் கார்டையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மணி நேரம் குறைகிறதா, அல்லது மணி சரியாக இருந்து ஒன்றரை மடங்குக்குப் பதில் ஒரு மடங்கு போட்டிருக்கிறார்களா? இரண்டும் வேறு வேறு புகார். நம் ஆளுக்கு மணிதான் குறைகிறது. மார்ச்சில் 58 மணி நேரம் பார்த்திருக்கிறார், சீட்டில் 36தான். தேதி வாரியாகப் பார்த்தால் காரணமும் தெரிகிறது: 16 முதல் 21 வரை அவரை வேறு சைட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே பார்த்த 22 மணி நேரம் ஆபீசுக்கு வந்து சேரவே இல்லை. ‘ஏமாத்துறீங்க’ என்று எழுதாதது எவ்வளவு நல்லது என்று இங்கே புரியும். இது சூப்பர்வைசரின் மறதியாகவும் இருக்கலாம்.

ஓய்வு நாளில் பார்த்த வேலையை இந்தக் கணக்கில் கலந்துவிடக் கூடாது. அதற்குக் கூலி கணக்கிடும் முறை தனி. கலந்தால் மொத்தத் தொகையும் தப்பாகி, சரியான 22 மணி நேரத்தின் மேலும் சந்தேகம் விழும்.

இப்போது செய்தியைத் திருப்பி எழுதலாம்:

“ஐயா, வணக்கம். மார்ச் மாத ஓ.டி. பற்றி எழுதுகிறேன். என் டைம் கார்டுப்படி 58 மணி நேரம் ஓ.டி. பார்த்திருக்கிறேன். சம்பளச் சீட்டில் 36 மணி நேரம் உள்ளது. மார்ச் 16 முதல் 21 வரை இரண்டாவது சைட்டில் பார்த்த 22 மணி நேரம் விடுபட்டிருக்கிறது. என் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. ஒரு மணிக்கு 6.29 வெள்ளி வீதம் வரவேண்டியது 138.38 வெள்ளி. டைம் கார்டு, சம்பளச் சீட்டு இரண்டின் படமும் இணைத்துள்ளேன். என் கணக்கில் பிழை இருந்தால் தெரிவியுங்கள். சரியாக இருந்தால் ஏப்ரல் 25க்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி.”

கீழே பெயரும் வேலை அனுமதி எண்ணும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விவரம்தான் என்பதால், ஆங்கிலம் தெரிந்த நண்பர் மாற்றிக் கொடுக்கும்போதும் பொருள் சிதையாது. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு போய்விட்டது. மனம் கேட்காது, ஆனால் கூலி கேட்க ஏழ்மையைக் காட்டத் தேவையில்லை. குரல் பதிவாக அனுப்புவதைவிட எழுத்தில் அனுப்புவது நல்லது. பிறகு தேதியோடு எடுத்துக் காட்ட எளிது.

எம்.ஓ.எம். என்ற பேச்சு முதல் செய்தியில் வேண்டாம் என்பது என் எண்ணம். சம்பளக் காலம் முடிந்த 14 நாளுக்குள் ஓ.டி. கூலி தரப்பட வேண்டும். மார்ச் கணக்கு ஏப்ரல் 14க்குள். 25ஆம் தேதியும் தாண்டினால், இரண்டாவது செய்தியில் அந்த விதியைச் சொல்லி, டாடம் எனப்படும் முத்தரப்பு சமரச அமைப்பில் மனுச் செய்யப்போவதாகத் தெரிவிக்கலாம். அதற்குள் யாராவது ‘முழுச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது.

பணிவாக எழுதினாலும் ஆபத்து இல்லாமல் போகாது. வேலை அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளி கையில்தான் இருக்கிறது. அதனால் அனுப்பும் முன்பே எல்லா மாத டைம் கார்டுகளையும் படமெடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வைப்பது நல்லது. வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். வேலை போய்விட்டால் அந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான்.