முதலில் புரோமினா, நைட்ரோவா?

பென்சீன் வளையத்தில் ஆறு கார்பன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் புரோமினையும், இன்னொன்றை எடுத்துவிட்டு நைட்ரோ தொகுதியையும் வைத்தால் கிடைப்பது புரோமோநைட்ரோபென்சீன். ஆனால் அந்தப் பெயரில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. இரண்டு தொகுதிகளும் அடுத்தடுத்த கார்பன்களில் இருந்தால் ஆர்த்தோ, ஒரு கார்பன் தள்ளி இருந்தால் மெட்டா, நேரெதிரே இருந்தால் பாரா. மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, குணம் வேறு. மெட்டா 56 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பாரா உருக 126 டிகிரி வேண்டும்.

பாரா வேண்டுமானால் என்ன செய்வது, மெட்டா வேண்டுமானால் என்ன செய்வது? இரண்டுக்கும் அதே பென்சீன்தான், அதே புரோமின்தான், அதே அமிலங்கள்தான். மாறுவது வரிசை மட்டுமே.

வளையத்தில் முதலில் குடியேறும் தொகுதிதான் இரண்டாவது வருபவருக்கு இடம் ஒதுக்குகிறது. இரண்டாவது வருவது எதுவாக இருந்தாலும் இதில் அதற்குப் பேச்சுரிமை இல்லை. பல மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். நைட்ரோ மெட்டாவுக்கு வழிகாட்டும் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆகவே நைட்ரோவை எப்போது சேர்த்தாலும் அது மெட்டாவில் போய் உட்காரும் என்று நினைத்துவிடுவார்கள். வழிகாட்டுவது ஏற்கெனவே உள்ளே இருக்கும் தொகுதி.

ஏன் இப்படி? வளையத்தைத் தாக்க வரும் துகள் எலக்ட்ரானைத் தேடி வருவது. அது ஒரு கார்பனோடு ஒட்டியதும் வளையம் சற்று நேரம் நேர்மின் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆர்த்தோவிலோ பாராவிலோ ஒட்டினால், அந்தச் சுமையின் ஒரு பங்கு பழைய தொகுதி இருக்கும் கார்பனின் மீதே வந்து விழும். அங்கே இருப்பது புரோமின் என்றால், தன்னிடம் உள்ள தனித்த எலக்ட்ரான் இணையைக் கொடுத்துச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஆகவே புரோமின் இருக்கும்போது ஆர்த்தோவும் பாராவும்தான் எளிய வழி. அங்கே இருப்பது நைட்ரோ என்றால் கதை தலைகீழ். அதன் நைட்ரஜன் ஏற்கெனவே நேர்மின் சுமையோடு நிற்கிறது. பக்கத்திலேயே இன்னொரு நேர்மின் சுமை வந்தால் தாங்காது. மெட்டாவில் ஒட்டினால் மட்டும் சுமை அந்தக் கார்பனுக்கு வராது. மெட்டா அங்கே வசதியான இடம் அல்ல, பாதிப்பு குறைந்த இடம்.

பாராவைத் தயாரிக்கும் வழியைப் பார்ப்போம். இரும்புத் தூளை வைத்துப் பென்சீனோடு புரோமினைச் சேர்த்தால் புரோமோபென்சீன் கிடைக்கும். அடுத்தது நைட்ரோ ஏற்றம். அடர் நைட்ரிக் அமிலம் 20 மில்லிலிட்டர், அடர் சல்பியூரிக் அமிலம் 20 மில்லிலிட்டர் இரண்டையும் கலந்து குளிரவைத்து, அதில் 15.7 கிராம் புரோமோபென்சீனைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்க வேண்டும். குடுவை தானாகவே சூடேறும். 60 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் இரண்டாவது நைட்ரோவும் ஏறி, தோலில் பட்டால் ஒவ்வாமை தரும் டைநைட்ரோ சேர்மம் உருவாகத் தொடங்கும். வினை முடிந்ததும் குளிர்ந்த நீரில் கொட்டினால் மஞ்சள் திடப்பொருள் கீழே படியும்.

அது முழுவதும் பாரா அல்ல. ஏறக்குறைய 62 விழுக்காடு பாரா, 37 விழுக்காடு ஆர்த்தோ, மெட்டா ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. வளையத்தில் ஆர்த்தோ இடங்கள் இரண்டு, பாரா இடம் ஒன்றே. எண்ணிக்கைப்படி ஆர்த்தோதான் இரண்டு மடங்கு வர வேண்டும். புரோமினின் பருமனும் அது எலக்ட்ரானை இழுப்பதும் பக்கத்து இடங்களைப் பாதிப்பதால் பாரா முந்துகிறது. இரண்டையும் பிரிக்கச் சூடான எத்தனாலில் கரைத்து ஆறவிட்டால் போதும். பாரா மூலக்கூறுகள் சீரான வடிவம் கொண்டவை. நெருக்கமாக அடுக்கிக்கொண்டு வெளிர்மஞ்சள் ஊசிகளாக வெளிவந்துவிடும். 43 டிகிரியிலேயே உருகும் ஆர்த்தோ, எத்தனாலில் கரைந்தபடியே தங்கிவிடும். வடிகட்டி உலர்த்திய படிகம் 126 டிகிரியை ஒட்டிச் சட்டென்று உருகினால் வேலை சுத்தம். அதற்கு முன்பே இளகத் தொடங்கிப் பல டிகிரிகளுக்கு இழுத்துக்கொண்டு போனால் உள்ளே ஆர்த்தோ மிச்சம் இருக்கிறது, மறுபடி எத்தனால்தான்.

மெட்டாவுக்கு வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் பென்சீனை 50 முதல் 60 டிகிரிக்குள் வைத்து நைட்ரோபென்சீன் ஆக்க வேண்டும். பிறகு அதில் இரும்புத் தூளையும் புரோமினையும் சேர்க்க வேண்டும். ஆனால் பென்சீனுக்குப் போதுமாக இருந்த வெப்பம் இங்கே எடுபடாது. நைட்ரோ தொகுதி வளையத்தின் எலக்ட்ரான்களை இழுத்து வைத்திருப்பதால் வினை நகராது. 135 முதல் 145 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அப்போதுதான் புரோமின் உள்ளே போகும், போகும் இடம் பெரும்பாலும் மெட்டா. ஆகவே மெட்டா வழியில் பிரிக்கும் தலைவலி குறைவு, சூடாக்கும் சிரமம் அதிகம்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டால் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்வோம். மெட்டா நைட்ரோஅசிட்டோபீனோன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பவை நைட்ரோவும் அசிட்டைலும். இரண்டுமே மெட்டாவுக்கு வழிகாட்டுபவை. அப்படியானால் எதை முதலில் வைத்தாலும் சரிதானே? இல்லை. அசிட்டைல் தொகுதியை வளையத்தில் ஏற்றுவது 1877-இல் ஃபிரீடலும் கிராஃப்ட்ஸும் கண்டறிந்த வினை. அதற்கு வளையத்தில் ஓரளவு எலக்ட்ரான் வளம் வேண்டும். நைட்ரோபென்சீனில் அது நடக்கவே நடக்காது. எந்த அளவுக்கு என்றால், அந்த வினைக்கு நைட்ரோபென்சீனையே கரைப்பானாகப் பயன்படுத்துவார்கள். எனவே அசிட்டைல் முதலில், நைட்ரோ பிறகு. இங்கே வரிசையைத் தீர்மானிப்பது இடம் அல்ல, வினை நடக்குமா நடக்காதா என்பது.

இதே அசிட்டைல் தொகுதியில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. துத்தநாக ரசக்கலவையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் காய்ச்சினால் அது எத்தில் தொகுதியாக மாறிவிடும். அசிட்டைல் மெட்டாவுக்கு அனுப்பும். எத்தில் ஆர்த்தோ, பாராவுக்கு அனுப்பும். அசிட்டைலை ஏற்றி, உடனே எத்திலாக மாற்றி, பிறகு நைட்ரோவை ஏற்றினால் பாரா எத்தில்நைட்ரோபென்சீன் கிடைக்கும். ஏறக்குறைய அதே அளவு ஆர்த்தோவும் கூடவே வரும், பிரித்தெடுக்க வேண்டும். மாறாக, அசிட்டைல் இருக்கும்போதே நைட்ரோவை ஏற்றி, மாற்றத்தைக் கடைசிக்குத் தள்ளினால் இரண்டும் மெட்டாவில் அமைந்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கடைசிக் காய்ச்சலில் நைட்ரோவும் தப்பாது, அமினோவாகக் குறைந்துவிடும். கையில் கிடைப்பது மெட்டா எத்தில்அனிலின். அனிலின்தான் வேண்டும் என்றால் ஒரு படி மிச்சம். நைட்ரோவாகவே இருக்க வேண்டும் என்றால் இந்த வழி உதவாது, நைட்ரோவைத் தொடாத வேறு குறைப்பானைத் தேட வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட கேள்வி வந்தால் பென்சீனிலிருந்து தொடங்காதீர்கள். கடைசிப் பொருளை வரைந்து, அதிலிருந்து ஒரு தொகுதியை அழியுங்கள். மிச்சம் இருக்கும் தொகுதி, அழித்ததை அதே இடத்துக்கு அனுப்புமா, அந்த வினையை வளையம் ஏற்குமா என்று இரண்டையும் பாருங்கள். இல்லை என்றால் மற்றதை அழித்துப் பாருங்கள். எதை அழித்தாலும் சரிவரவில்லை என்றால், அங்கே ஒரு தொகுதி வேறு உருவத்தில் உள்ளே வந்து பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது; அது எது என்று தேடுங்கள்.