திருவிழா முடிந்தது, பட்டையில் மிஞ்சிய பணம் யாருக்கு?

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் கூகுள் பே வேலை செய்தால் அதிர்ஷ்டம்தான். மாலையில் கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணராக முதல் காட்சி, இரவில் சங்கரலிங்கராக இரண்டாம் காட்சி. நடுவில் உள்ள சில மணி நேரம்தான் கடைக்காரர்களுக்கு அறுவடை. வளையல், பொரி, அல்வா, ராட்டினம் என்று ரத வீதிகள் முழுக்க ஆள். ஒரே டவரில் அத்தனை போன்களும் தொங்கினால், க்யூஆர் அட்டை அலங்காரத்துக்கு மட்டும்தான். "பணமா இருந்தா குடுங்கண்ணே, இது சுத்திக்கிட்டே இருக்கு" என்பதுதான் பதில்.

பெரிய இசை விழாக்களில், முன்கூட்டியே பணம் ஏற்றித் தொட்டுச் செலவழிக்கும் கைப்பட்டை நுழைந்ததற்கு முக்கியக் காரணங்களில் இந்த நெரிசலும் ஒன்று. இங்கிலாந்தில் டவுன்லோட் ராக் விழா 2015இல் முழுக்கக் கைப்பட்டைக்கு மாறியது. அடுத்த ஆண்டே பழைய வழிக்குத் திரும்பியது. பெல்ஜியத்தின் டுமாரோலேண்டில் யூரோவுக்குப் பதிலாக 'பேர்ல்' என்ற தனி நாணயமே பட்டையில் ஏறுகிறது. மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் 2023 ஜனவரியில் தொடங்கிய லொல்லபலூசா விழாவுக்குப் போனவர்களுக்கும் பட்டை பழக்கமானதுதான். ஆடித்தபசுக் கடைகளில் இன்னும் காசும் க்யூஆரும்தான் ஓடுகின்றன. ஆனால் நம்மூர்ப் பொருட்காட்சித் திடல்களுக்குப் பட்டை வர அதிக காலம் ஆகாது. வரும்போது கூடவே ஒரு கேள்வியும் வரும்: மிச்சப் பணம் எங்கே போகிறது?

அதற்கு முன் பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துணிப்பட்டையில் கோத்திருக்கும் சின்ன வில்லைக்குள் ஒரு சிப் இருக்கிறது. ஒவ்வொரு சிப்புக்கும் மாற்ற முடியாத ஓர் எண் உண்டு. சில அமைப்புகளில் சிப் வெறும் அடையாளம்தான். கணக்கு சர்வரில் இருக்கும். நெட்வொர்க் அறுந்துபோகும் இடங்களுக்கு அது உதவாது. அதனால் வேறு சில அமைப்புகளில் மீதித்தொகையையே சிப்பில் எழுதிவிடுகிறார்கள். கடைக்காரர் கையிலுள்ள கருவி பட்டையைத் தொட்டதும் பழைய தொகையைப் படித்து, கழித்து, புதிய தொகையைத் திரும்ப எழுதும். இணையம் தேவையில்லை. கருவி தன் விற்பனைப் பட்டியலைப் பிறகு சிக்னல் கிடைக்கும்போது சர்வருக்கு அனுப்பும்.

வேகத்துக்கு இது அருமையான ஏற்பாடு. பட்டை தொலைந்தால்தான் சிக்கல் தெரியும்.

இரவு ஏழு மணிக்கு ஒருவர் பட்டையைத் தொலைத்துவிட்டு உதவிக் கவுன்ட்டருக்கு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 1,000 ரூபாய் ஏற்றியது சர்வருக்குத் தெரியும். ஆனால் ஆறரை மணிக்கு பஜ்ஜிக் கடையில் 120 ரூபாய் செலவழித்தது அந்தக் கடையின் கருவிக்கு மட்டும்தான் தெரியும். எல்லாக் கருவிகளும் கணக்கை ஒப்படைக்கும்வரை உண்மையான மீதியை யாராலும் சொல்ல முடியாது. பட்டையை முடக்கச் சொன்னாலும் அந்த உத்தரவு ஒவ்வொரு கருவியையும் போய்ச் சேர வேண்டும். சிக்னல் இல்லாத மூலையில் நிற்கும் ஐஸ்கிரீம் வண்டிக்கு அது போய்ச் சேருவதற்குள், கீழே கிடந்த பட்டையை எடுத்தவர் நாலு குல்ஃபி தின்றுவிடலாம். பட்டைக்கு ரகசிய எண் கிடையாது; தொட்டால் போதும்.

எனவே எப்போது தொலைந்தது என்பதைவிட எப்போது புகார் கொடுத்தோம் என்பதுதான் பெரிய விஷயம். அனுமதி பெற்ற வங்கியல்லாத வாலெட் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2019 ஜனவரியில் போட்ட விதி, புகார் பதிவான பிறகு நடக்கும் மோசடி இழப்பை நிறுவனமே ஏற்க வேண்டும் என்கிறது. விழாப் பட்டை அந்த விதிக்குள் வராமல் போகலாம். இருந்தாலும் நேரம் குறித்த புகார்ச் சீட்டு கையில் இருந்தால், அதற்குப் பிறகு போன பணத்தை நியாயமாகக் கேட்கலாம். சீட்டு வாங்க, பட்டையின் பின்பக்க எண் வேண்டும். கட்டிக்கொள்ளும் முன்பே அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும், செயலியில் தன் பெயரில் பதிந்துகொள்வதும் இதற்காகத்தான். பதியாத பட்டை தொலைந்தால், அது தன்னுடையது என்று நிரூபிக்க டாப்-அப் ரசீது மட்டுமே மிஞ்சும். அந்த ரசீதைத்தான் பெரும்பாலோர் வாங்கிய இடத்திலேயே கசக்கிப் போடுகிறார்கள்.

இனி மிச்சப் பணம். ஒரு கற்பனைக் கணக்கு: கவுன்ட்டரில் 1,000 ரூபாய் ரொக்கம் கொடுக்கிறார் ஒருவர். பட்டைக் கட்டணம் 50 போக 950 ஏறுகிறது. குடும்பத்தோடு தின்று, ராட்டினம் சுற்றி, 810 செலவாகிறது. மீதி 140. திரும்பக் கேட்டால் சேவைக் கட்டணம் 50. கைக்கு வருவது 90. 'நூறுக்குக் குறைந்த தொகை திரும்பத் தரப்படாது' என்று ஒரு வரி நிபந்தனைகளில் இருந்தால் அதுவும் இல்லை. ஒருவருக்கு 140 ரூபாய் பெரிதல்ல. பத்தாயிரம் பேர் ஆளுக்கு 140 ரூபாய் விட்டுவிட்டுப் போனால் 14 லட்சம். டாப்-அப்பை 500, 500ஆக மட்டும் அனுமதித்து, பண்டங்களுக்கு 70, 130 என்று விலை வைத்தால் மிச்சம் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

யாருடைய மிச்சம் அதிகம் திரும்பாமல் போகும்? ஜிபேயில் ஏற்றியவருக்குப் பணம் வந்த வழியே திருப்பி அனுப்ப முடியும். ரொக்கம் கொடுத்தவருக்கு அப்படி ஒரு வழியே இல்லை. அவர் குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு பக்கத்துக்குள் நுழைந்து, பட்டை எண், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் தட்ட வேண்டும். பக்கத்துக் கிராமத்திலிருந்து வேனில் வந்து, இரண்டாம் காட்சி முடிந்து விடியற்காலையில் வீடு சேரும் பாட்டி அதைச் செய்வாரா? கிளம்பும் வாசலிலேயே ரொக்கமாகத் திருப்பித் தரும் கவுன்ட்டர் இல்லாத ஊரில், பட்டை என்பது பாட்டியிடமிருந்து வாங்கிய வட்டியில்லாக் கடன். பட்டைக்கும் மென்பொருளுக்கும் செலவாகிறதே என்பது ஏற்பாட்டாளர்களின் வாதம். ஆகட்டும், அதை நுழைவுச் சீட்டில் வெளிப்படையாகச் சேர்க்கலாமே.

சட்டம் இதில் ஒரு நூலிழையில் நிற்கிறது. ஒரு நிறுவனம் தன் பொருளை மட்டும் வாங்கத் தரும் முன்பண அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. பல கடைகளில் செல்லும் அட்டை என்றால் 2021 ஆகஸ்ட் விதிகள் பாயும். அதன்படி அட்டை குறைந்தது ஓராண்டு செல்லும். காலாவதியான பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மீதியை வங்கியல்லாத நிறுவனம் தன் லாபக் கணக்கில் எழுதக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டால் வங்கிக் கணக்கில் திருப்பித் தர வேண்டும். விழாத் திடலில் நாற்பது தனித்தனிக் கடைகள் இருக்க, "எல்லாம் எங்கள் கடைதான்" என்று ஏற்பாட்டாளர் சொன்னால் பட்டை முதல் வகை. இல்லையென்றால் இரண்டாம் வகை. திரும்பக் கேட்க ஏற்பாட்டாளர் குறிக்கும் சில நாள்தானா, ஆண்டுக்கணக்கிலா என்பது இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. நுழைவுச் சீட்டில் பட்டையை வழங்குபவர் பெயர் என்ன என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை பட்டையைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போடாமல் இருக்க வேண்டும். கருவிகளின் கணக்கும் சர்வரின் கணக்கும் முரண்பட்டால், கடைசி மீதி எழுதியிருப்பது அந்தச் சிப்பில்தான்.