கரண்ட் வச்சும் கால் ஏன் தூக்க வரல?

முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்சவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ரெண்டு வாரமா கரண்ட் வைக்கிறாங்க, வலி குறைஞ்சிருக்கு, ஆனா காலை நேரா தூக்க முடியல. நான் பிசியோதெரபிஸ்ட், அதனால முதல்ல கேட்பேன்: எந்த கரண்ட்?

டென்ஸ் மெஷின் வலிக்கானது. சுரீர்னு ஊறும், தசை இறுகாது. தசையை இறுக்க வைக்கிற கரண்ட் வேற. முட்டி வீங்கியிருக்கும்போது, தண்டுவடம் தொடையின் முன்பக்க குவாட்ரிசெப்ஸ் தசைக்குப் போற கட்டளையையே குறைச்சிடும். இது சோம்பேறித்தனம் இல்லை. "இறுக்குங்கம்மா"ன்னு எத்தனை தடவை சொன்னாலும் கட்டளை முழுசா போய்ச் சேராது. அந்த இடத்துலதான் தசைத் தூண்டல் கரண்ட் உதவும்.

அறுபது வயசு அம்மா ஒருத்தர் வந்தாங்க. நான் தாங்கிப் பிடிச்சா முட்டி முழுசா நீளுது. அவங்களே நீட்டினா 15 டிகிரி மடங்கியே நிக்குது. மூட்டு சரி, தசைதான் பின்தங்கியிருக்குன்னு இதுல தெரியும். தொடையில ரெண்டு பேட் ஒட்டி, நொடிக்கு 50 துடிப்பு; 10 நொடி கரண்ட், 50 நொடி ஓய்வு, இப்படி 15 முறை. தசை கண்ணுக்குத் தெரியுற மாதிரி இறுகணும், கரண்ட் வரும்போது அவங்களும் சேர்ந்து இறுக்கணும். சும்மா படுத்திருந்தா பாதி பலன் போச்சு. (பேஸ்மேக்கர் இருந்தா இதைத் தொடவே மாட்டேன்.)

கூடவே ஐசோமெட்ரிக் பயிற்சி: முட்டிக்கு அடியில சுருட்டின துண்டு, அதைக் கீழே அழுத்தி 5 நொடி பிடிக்கணும், மூச்சை அடக்காம. மூச்சைப் பிடிச்சா பிரஷர் ஏறும். இங்கே தசை இறுகுது, மூட்டு அசையல. அதனால ஆபரேஷன் ஆன மூட்டுக்குத் தொந்தரவு குறைவு. ஆனா எந்தக் கோணத்துல பிடிச்சோமோ அதைச் சுத்தித்தான் பலம் கூடும். நீட்டின கால்ல மட்டும் பண்ணிட்டு, மடிச்ச முட்டியோட நாற்காலியிலிருந்து எழுந்திருக்க எதிர்பார்க்க முடியாது.

அதுக்கு ஐசோடானிக் வேணும், அதாவது மூட்டு அசைய அசைய வேலை செய்யுற பயிற்சி. அந்த அம்மாவுக்கு 15 டிகிரி குறை மறைஞ்ச பிறகு நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி, 4 நொடி எடுத்து மெதுவா இறக்கச் சொன்னேன்: 10 தடவை, 3 சுற்று. மறுநாள் வீக்கம் கூடியிருந்தா ஒரு சுற்றைக் குறைச்சிடுவோம். இறக்கும்போது தசை நீண்டுக்கிட்டே இறுகும். பலர் அவசரத்துல தொபுக்குன்னு காலை விட்டுடுவாங்க. மாடிப்படி இறங்க வேண்டிய வேலையே அதுதான். அவங்களுக்கும் ஏறுறது முதல்ல வந்துச்சு, கைப்பிடி இல்லாம இறங்க இன்னும் மூணு வாரம் பிடிச்சது.