புதன் ராத்திரியா, வியாழன் ராத்திரியா?

"14-ஆம் தேதி ராத்திரி 12.10-க்கு ஃப்ளைட். வந்துடுங்கண்ணா." ஏர்போர்ட் டாக்ஸி டிரைவருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் போய்ச் சேர்ந்தால் வண்டி ஒரு நாள் முன்னதாகவே மீனம்பாக்கத்தில் வந்து நிற்கக்கூடும்.

பயணி சிங்கப்பூரில் 14-ஆம் தேதி, புதன் இரவு 10.40-க்கு ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பறப்பது சுமார் நான்கு மணி நேரம். சென்னைக் கடிகாரம் இரண்டரை மணி பின்தங்கியது. ஆக இறங்கும்போது இங்கே 12.10. தேதியோ 15 ஆகிவிட்டது. வீட்டாருக்கு அது இன்னும் 'புதன் ராத்திரி'தான். டிரைவர் 14-ஐயும் 12.10-ஐயும் சேர்த்துப் பார்த்தால் செவ்வாய் இரவே கிளம்பிவிடுவார். "புதன் ராத்திரி, விடிந்தால் வியாழன், 15-ஆம் தேதி 00.10" என்று எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

நேரத்தோடு விமான எண்ணும் வேண்டும். எண் இருந்தால், விமானம் எங்கே வருகிறது, தாமதமா என்பதை டிரைவரே போனில் பார்த்துக்கொள்வார். ஆனால் விமானம் தரை தொட்டதும் ஆள் வாசலுக்கு வந்துவிட மாட்டார். இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிய முக்கால் மணியும் ஆகலாம், ஒன்றரை மணியும் ஆகலாம்.

பெயர்ப் பலகையில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து எழுதினால், ஊரில் இருக்கும் அப்பாவை வரவேற்கும் பலகையாகிவிடும். மகன் அதைத் தாண்டிப் போய்விடுவார். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதை எழுத்து பிசகாமல் அனுப்புவது நல்லது. முழுப் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். அதைப் படித்துவிட்டு "நான்தான் சார் உங்க டிரைவர்" என்று வேறொருவர் முந்திக்கொள்ள முடியும். பயணிக்கு வண்டி எண்ணை முன்பே அனுப்பிவிட்டால் அந்தப் பயமும் இல்லை.

இவ்வளவையும் சேர்த்தால் செய்தி இப்படி அமையும்:

"அண்ணா, புதன் ராத்திரி விடிந்தால் வியாழன், 15-ஆம் தேதி 00.10. சிங்கப்பூர் ஃப்ளைட், எண் டிக்கெட் படத்தில் இருக்கு. இன்டர்நேஷனல் அரைவல் வாசல். இரண்டு பேர், நான்கு பெரிய பெட்டி. போர்டில் 'KUMAR S' போதும். அவங்க போன் கிடைக்கலைன்னா எனக்குக் கூப்பிடுங்க."

கடைசி வரி சம்பிரதாயத்துக்கு இல்லை. ரோமிங் போடாத சிங்கப்பூர் சிம்மில் அழைப்பு வராது. ஏர்போர்ட் வைஃபைக்கும் ஓ.டி.பி. கேட்கும்.

மீதி, காத்திருப்புக் கணக்கு. டிக்கெட்டில் உள்ள நேரத்திலிருந்து எண்ணுவதா, நிஜமாக இறங்கிய நேரத்திலிருந்தா? இதைப் பேசாமல் விட்டால், இரண்டு மணி நேரத் தாமதம் பயணியின் தலையில் விழும். "இறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் ஃப்ரீ, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, பார்க்கிங் ரசீது எங்களுடையது" என்று வாடகை பேசும்போதே முடிவு செய்துகொள்ளலாம். வாசலில் வண்டியை நிறுத்திவைக்க விடமாட்டார்கள் என்பதால், பெட்டி கைக்கு வந்த பிறகு அழைத்தால்தான் டிரைவர் பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுப்பார்.